கி.பி.யும் பொ.ஆ.வும்: எழுத்து மாறியது, எண் மாறவில்லை

சென்ற மாதம் ஓர் ஆய்விதழிலிருந்து என் கட்டுரை திருத்தங்களுடன் திரும்பி வந்தது. கட்டுரையில் கி.பி. என்று நான் எழுதியிருந்த முப்பத்தேழு இடங்களிலும் சிவப்பு வட்டம் இடப்பட்டிருந்தது. முதல் வட்டத்தின் ஓரத்தில், இக்குறியீடு மதச்சார்புடையது, ஆய்வுலகம் இதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது, எல்லா இடங்களிலும் பொ.ஆ. என மாற்றுக என்று ஒரு குறிப்பு இருந்தது. குறிப்பை எழுதியவர் யார் என்பதை நான் அறியேன். அறிந்தாலும் இங்கே சொல்வதற்கில்லை.

திருத்தத்தை நிறைவேற்ற உட்கார்ந்தபோதுதான் என் பிழை ஒன்று என் கண்ணில் பட்டது. கட்டுரையின் ஆறாம் பக்கத்தில், மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூர் நாட்டை ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படிதானத்தின் ஆண்டை ‘கி.பி. 1749’ என்று எழுதியிருந்தேன். அது 1750 என்றிருக்க வேண்டும். அந்த ‘கி.பி.’ வட்டமிடப்பட்டிருந்தது. அதை ஒட்டி நின்ற ‘1749’ வட்டமிடப்படவில்லை. எழுத்தின் சமயத்தை ஆராய்ந்த கண், எண்ணின் உண்மையை ஆராயவில்லை. நான் அந்தத் திருத்தத்தை அப்படியே ஏற்று அனுப்பியிருந்தால் ‘பொ.ஆ. 1749’ என்று நடுநிலை வாய்ந்த ஒரு பிழை அச்சேறியிருக்கும்.

இந்த நீண்ட பதிவு அந்த மதிப்பீட்டாளர் மீதான குறை அன்று. பிழை முதற்கண் என்னுடையது. ஆனால் குறியீட்டை மாற்றுவதே ஆய்வு அறம் என்று நம்மிடையே பரவிவரும் எண்ணத்தோடு எனக்கு வழக்கு உண்டு. அதே அளவு வழக்கு, இந்த மாற்றம் கிறித்தவத்துக்கு எதிரான சூழ்ச்சி என்று முழங்குவோரோடும் உண்டு. இரு தரப்பினரும் இந்தக் குறியீடுகளின் வரலாற்றைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கில நூல்களில் நாம் காணும் ஏ.டி. என்பது ‘ஆன்னோ டோமினி’ என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்பது அதன் பொருள். பி.சி. என்பது ‘பிஃபோர் கிரைஸ்ட்’, அதாவது கிறிஸ்துவுக்கு முன், என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஒன்று இலத்தீன், மற்றொன்று ஆங்கிலம். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே கையால் உருவானவை அல்ல என்பதை இதுவே காட்டும். ஏ.டி. என்பதை ‘ஆஃப்டர் டெத்’, அதாவது இறப்புக்குப் பின், என்று விரித்துச் சொல்லும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இன்றும் இருக்கிறது. அது உண்மையானால் கிறிஸ்து உயிரோடிருந்த முப்பது சொச்சம் ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

சி.இ. என்பது ‘காமன் எரா’, பொதுவான ஆண்டுக்கணக்கு. பி.சி.இ. என்பது ‘பிஃபோர் தி காமன் எரா’. அப்பொதுக் கணக்குக்கு முன். தமிழில் இவற்றைப் பொது ஆண்டு என்று கொண்டு பொ.ஆ., பொ.ஆ.மு. என்றும், பொது ஊழி என்று கொண்டு பொ.ஊ., பொ.ஊ.மு. என்றும் எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் பொ.ஆ. வந்துவிட்டது, சில இடங்களில் கி.பி.க்கு அருகிலேயே. தமிழ் விக்கிப்பீடியாவில் பொ.ஊ. புழங்குகிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் ஆறாம் வகுப்பு வரலாற்று நூல் நான்கு ஆங்கிலக் குறியீடுகளையும் ஒரு சிறு பெட்டிக்குள் விளக்கி, இந்தியாவில் இவ்வாண்டுமுறை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத்தான் வழங்குகிறது என்றும் சொன்னது. அந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

எண்களைத் தந்தவர் ஆறாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த தியோனீசியஸ் எக்சிகூஸ் என்னும் துறவி. 525ஆம் ஆண்டில் அவர் ஈஸ்டர் நாளைக் கணிக்கும் அட்டவணையைத் தொடர்ந்து எழுத வேண்டியிருந்தது. அதுவரை அவ்வட்டவணைகள் தியோக்கிளீசியன் என்னும் ரோமப் பேரரசனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து ஆண்டுகளை எண்ணிவந்தன. அப்பேரரசன் கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்தியவன். அவன் நினைவை நிலைநிறுத்த விரும்பாத தியோனீசியஸ், தியோக்கிளீசியன் 247ஆம் ஆண்டோடு முடிந்த பழைய அட்டவணையை அடுத்து, தம் அட்டவணையின் முதல் வரியில் 532 என்று எழுதினார். அது கிறிஸ்து மனிதராகப் பிறந்ததிலிருந்து எண்ணிய ஆண்டு என்றார். பின்னர் எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீட் தம் திருச்சபை வரலாற்றில் இம்முறையைக் கையாண்டதால் அது ஐரோப்பாவில் பரவியது.

தியோனீசியஸின் கணக்கு பிழையானது. மத்தேயு நற்செய்தியின்படி இயேசு ஏரோது மன்னன் உயிரோடிருந்தபோது பிறந்தவர். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. அப்படியாயின் கிறிஸ்து பிறந்தது ‘கிறிஸ்துவுக்கு முன்’ நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகிறது. இந்த முரண் கிறித்தவ அறிஞர்களுக்குத்தான் முதலில் உறுத்தியது.

‘பொது’ என்ற சொல்லும் கிறித்தவர்களிடமிருந்தே வந்தது என்பதைச் சூழ்ச்சி என்போர் கவனிக்க வேண்டும். வானியலறிஞர் யோகான்னஸ் கெப்ளர் 1615இல் இலத்தீனில் எழுதியபோது ‘நம் வல்காரிஸ் கணக்கின் ஆண்டு’ என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டார். வல்காரிஸ் என்றால் மக்கள் வழக்கிலுள்ள, எல்லோர்க்கும் பொதுவான என்று பொருள். கெப்ளர் ஆழ்ந்த லூத்தரன் பற்றாளர். கிறிஸ்துவை மறைக்க அவருக்குத் தேவை எதுவும் இல்லை. மன்னரின் ஆட்சியாண்டு, திருச்சபையின் விழாக் கணக்கு ஆகியவற்றிலிருந்து ஊர்வழக்கிலுள்ள கணக்கைப் பிரித்துக்காட்ட அவருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் ‘வல்கர் எரா’ என்றும், 1708 அளவில் ‘காமன் எரா’ என்றும் ஆனது. ஆங்கிலத்தில் வல்கர் என்ற சொல்லுக்குக் கீழ்த்தரமான என்ற பொருள் ஏறியபின் பிற்சொன்னதே நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் யூத அறிஞர்கள். அவர்களுக்குச் சொந்தமான ஆண்டுக்கணக்கு இருந்தது. ஆனால் வணிகத்துக்கும் ஆட்சிக்கும் ஐரோப்பியக் கணக்கையும் எழுதியாக வேண்டும். எழுதும்போதெல்லாம் ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்று கையெழுத்திட்டால், தாம் ஏற்காத ஒருவரை ஆண்டவர் என்று தம் கையாலேயே அறிக்கையிட்டதாகும். இதுதான் மாற்றத்தின் உண்மையான வேர். ஒரு மனிதனை அவன் நம்பாத ஒன்றைச் சொல்லக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது என்ற எளிய நேர்மை அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல சமயத்தவரும் சமயமற்றவரும் ஒரே ஆய்வுத்துறையில் எழுதத் தொடங்கியபோது பதிப்பகங்கள் இதை ஏற்றன. விவிலிய ஆய்வறிஞர்களின் அமெரிக்கச் சங்கமே தன் நடைக்கையேட்டில் சி.இ., பி.சி.இ. என்பவற்றைப் பரிந்துரைக்கிறது. விவிலியத்தையே வாழ்நாள் முழுதும் படிப்போர் விரும்பி ஏற்ற குறியீட்டை விவிலியத்துக்கு எதிரான சூழ்ச்சி என்று சொல்வது எவ்வகையில் பொருந்தும்?

ஆகவே ஆங்கிலத்தில் சி.இ. எழுதுவதற்கு வலுவான காரணம் உண்டு. நானும் ஆங்கிலத்தில் எழுதும்போது அதையே எழுதுகிறேன்.

இனித் தமிழுக்கு வருவோம். என் வாதத்தின் மையம் இதுதான்: ஏ.டி.யை நீக்கச் சொன்ன காரணம் கி.பி.க்குப் பொருந்தாது. கி.பி. என்பது ஏ.டி.யின் மொழிபெயர்ப்பு அன்று. அதில் ஆண்டவர் இல்லை. ஆன்னோவும் இல்லை, டோமினியும் இல்லை. கிறிஸ்துவுக்குப் பின் என்பது மட்டுமே அதன் விரிவு. அதைத் தமிழில் யார் சமைத்தாரோ, அவர் அறிந்தோ அறியாமலோ அறிக்கையை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டார். ‘கிறிஸ்துவுக்குப் பின் 1750’ என்று சொல்லும் சைவரோ, இசுலாமியரோ, பகுத்தறிவாளரோ எந்த நம்பிக்கையையும் ஒப்புக்கொள்வதில்லை. ‘சேக்கிழாருக்குப் பின்’ என்று சொல்பவர் சைவராகிவிடுவதில்லை அல்லவா? இங்கே கேரளத்தில் கிறிஸ்த்வப்தம் என்று எழுதினார்கள். கிறிஸ்துவின் பெயரால் வழங்கும் ஆண்டு என்பதற்கு மேல் அதிலும் ஒன்றுமில்லை. யூத அறிஞரின் மனச்சான்றை உறுத்திய சொல் ஆங்கிலத்துக்குள் இருந்தது. அந்த முள் நம் காலில் தைக்கவே இல்லை; ஆனால் பிடுங்கிய பெருமையை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொண்டோம்.

கடன் வாங்கியதில் இழப்பும் உண்டு. கி.பி. என்ற எழுத்துகள், இக்கணக்கு எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்கின்றன. பொ.ஆ. அதைச் சொல்வதில்லை. நான் கற்பிக்க நேர்ந்த ஒரு வகுப்பில், பொது ஆண்டு எந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டேன். ஒரு மாணவி தயங்கி, உலக நாடுகள் கூடி முடிவு செய்த ஆண்டாக இருக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொது என்ற சொல் அப்படித்தான் கேட்கிறது. பொதுச்சொத்து, பொதுக்குழு, பொதுமன்னிப்பு என்பனபோல. உண்மையில் எந்தக் குழுவும் கூடவில்லை. வணிகக் கப்பல்களும் படையும் வரிக் கச்சேரியும் அச்சகமும் கொண்டுவந்து சேர்த்த கணக்கு இது. இந்தியாவில் இதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயது என்று பள்ளி நூல் சொன்னது இதைத்தான். பொது என்று பெயரிட்டதும் அந்த இருநூறு ஆண்டின் வரலாறு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. குடியேற்றத்தின் தடயத்தை அகற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே குடியேற்றம் நிகழ்ந்தது என்ற சான்றை அழிக்கிறோம்.

எண்ணோ சிறிதும் மாறவில்லை. தியோனீசியஸின் பிழை அப்படியே இருக்கிறது. பூச்சியம் என்னும் ஆண்டு இல்லாமையும் அப்படியே இருக்கிறது. அகஸ்டஸ் சீசர் கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தார். அறுபத்து மூன்றையும் பதினான்கையும் கூட்டி எழுபத்தேழு வயது என்று எழுதும் மாணவர், பொ.ஆ.மு. என்று எழுதினாலும் எழுபத்தேழு என்றே எழுதுவார். கி.மு. 1க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1 ஆதலால் ஒன்றைக் கழிக்க வேண்டும். பிறந்த நாள் வருமுன்னே இறந்ததால் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். அவர் வாழ்ந்தது முழுமையாக எழுபத்தைந்து ஆண்டுகள். இதைக் கற்பிக்க ஒரு வகுப்பு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் குறியீட்டை மாற்றும் சுற்றறிக்கை தருவதில்லை.

இப்போது என் பிழைக்குத் திரும்புகிறேன். நம் துறையில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அது காட்டும். திருப்படிதானத்தின் நாள் கொல்லம் 925, மகரம் 5. கொல்லம் ஆண்டு 825இல் தொடங்கியது. திருவனந்தபுரம் உள்ளிட்ட தென்பகுதியில் அது சிங்ஙம் முதல் நாளில், அதாவது நம் ஆவணி முதல் நாளில் பிறக்கும். ஆகவே கொல்லம் ஆண்டை மாற்றும்போது, சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடியும் வரையுள்ள நாள்களுக்கு 824ஐயும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடியும் வரையுள்ள நாள்களுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். ஆலயப் பிரவேச விளம்பரம் கொல்லம் 1112, துலாம் 27. துலாம் நம் ஐப்பசி. 824ஐக் கூட்டினால் 1936. அது 1936 நவம்பர் 12 என்பது எல்லோரும் அறிந்ததே. மகரமோ நம் தை, ஜனவரியில் வருவது. 925உடன் 825ஐக் கூட்டி 1750 என்று எழுதியிருக்க வேண்டும். நான் பழக்கத்தால் 824ஐக் கூட்டினேன். என் பிழை அவ்வளவே.

ஆனால் அந்த நாள் அத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. 1750 ஜனவரி எத்தனாம் தேதி? பல நூல்களில் ஜனவரி 3 என்று இருக்கிறது. இன்றைய நாட்காட்டியை வைத்துப் பார்ப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றும். இன்று மகரம் முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. அப்படியாயின் மகரம் 5 என்பது ஜனவரி 18ஐ ஒட்டி அல்லவா வர வேண்டும்? இங்கே இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. முதலாவது, நம் சூரிய ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சற்று நீண்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நம் மாதப்பிறப்பு பின்னால் தள்ளிப்போகிறது. 1750இலிருந்து இன்றுவரை நான்கு நாள் தள்ளியிருக்கிறது. ஆகவே அன்று மகரம் 5 கிரிகோரியன் கணக்கில் ஜனவரி 14ஐ ஒட்டி வரும். இரண்டாவது, ஆங்கிலேயர் அன்று கிரிகோரியன் கணக்கை ஏற்கவில்லை. அவர்கள் 1752 செப்டம்பரில்தான் அதற்கு மாறினார்கள். அதுவரை பழைய ஜூலியன் கணக்கு. அது பதினொரு நாள் பின்தங்கியது. பதினான்கிலிருந்து பதினொன்றைக் கழித்தால் ஜனவரி 3. ஒரு நாள் முன்பின் இருக்கலாமே தவிர, நூல்களில் காணும் ஜனவரி 3 ஜூலியன் தேதி என்பதில் ஐயமில்லை.

இன்னும் ஒன்று. 1752க்கு முன் இங்கிலாந்தின் சட்டமுறை ஆண்டு ஜனவரியில் பிறக்காது. மார்ச் 25இல் பிறக்கும். ஆகவே அக்கணக்கைப் பின்பற்றிய ஆங்கிலேயர் ஒருவர் அஞ்சுதெங்குக் கோட்டையிலிருந்து அன்றைய நாளை எழுதினால் 1749 ஜனவரி 3 என்று எழுதுவார். அதே நாளில் கொச்சியிலிருந்த டச்சுக்காரர், ஆலந்து 1583இலேயே கிரிகோரியனுக்கு மாறிவிட்டபடியால், 1750 ஜனவரி 14 என்று எழுதுவார். கோயில் ஓலையில் கொல்லம் 925, மகரம் 5. மூன்றும் ஒரே நாள். இரண்டு ஐரோப்பியக் கணக்குகளும் ‘ஆண்டவரின் ஆண்டு’தான், அவை தமக்குள்ளேயே ஓராண்டும் பதினொரு நாளும் வேறுபட்டு நிற்கின்றன. அப்படியிருக்க, எது பொது?

இங்கே ஆய்வாளர் செய்ய வேண்டியது என்ன? முதலில் மூலத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்: கொல்லம் 925, மகரம் 5. அடுத்து, மாற்றிய நாளை எழுதி அது ஜூலியனா கிரிகோரியனா என்று சொல்ல வேண்டும். மாற்றியது சரிதானா என்று அறிய, மூலத்தில் கிழமையோ நட்சத்திரமோ திதியோ இருந்தால் அதைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு நமக்கு வழிகாட்டிய பெருநூல் எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்கத் தொகுதிகள். கணக்கு தவறினால் கிழமை பொருந்தாது. அதுவே பிழையைக் காட்டிக்கொடுக்கும். வடகேரளத்து ஆவணமானால் அங்கே கொல்லம் ஆண்டு கன்னியில், நம் புரட்டாசியில் பிறக்கும் என்பதையும் மறக்கலாகாது. சிங்ஙமாதத்து நாள் ஒன்றுக்குத் தெற்கே ஓர் எண், வடக்கே அதைவிட ஒன்று குறைந்த எண். இந்த ஓராண்டுப் பிழை நம் ஆய்வேடுகளில் மிக எளிதாக நுழைவது. இதைத் தேடி யாரும் வட்டமிடுவதில்லை.

சுவாமிக்கண்ணு பிள்ளையின் நூலைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்நூலின் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘ஏ.டி. 700 டு ஏ.டி. 1799’ என்று இருக்கிறது. கணினியில் ஒரே கட்டளையில் எல்லாக் குறியீட்டையும் மாற்றும் பதிப்பாளரின் கையில் இத்தலைப்பும் மாறிவிடும். உலகில் இல்லாத ஒரு நூல் துணைநூற்பட்டியலில் பிறந்துவிடும். என் கட்டுரையிலும் இது நிகழ இருந்தது. பழைய நூலிலிருந்து எடுத்த மேற்கோளுக்குள் கி.பி. என்றிருந்தால் அது மேற்கோளின் பகுதி. அதைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. வட்டமிடப்பட்ட முப்பத்தேழில் ஐந்து இத்தகைய மேற்கோள்களுக்குள் இருந்தவை.

தமிழர் வேறு கணக்குகளை வைத்துக்கொள்ளலாமே என்போர் உண்டு. வைத்துக்கொள்ளலாம். கிறித்து ஆண்டுடன் 31ஐக் கூட்டித் திருவள்ளுவர் ஆண்டு எழுதுகிறோம். 78ஐக் கழித்து இந்திய அரசு சக ஆண்டு எழுதுகிறது. ஆனால் திருவள்ளுவர் பிறந்த ஆண்டு கல்வெட்டுச் சான்றால் நிறுவப்பட்டதன்று. அறிஞர்கள் ஒப்புக்கொண்டு வைத்த தொடக்கம். தியோனீசியஸ் செய்ததும் அவ்வகையானதுதான். எந்த ஆண்டுக்கணக்கும் ஏதோ ஓர் ஊரில் யாரோ சிலர் தங்கள் காரணத்துக்காகத் தொடங்கியதே. இம்மாவட்டத்து மாம்பள்ளியில் கிடைத்த செப்பேடு தன் காலத்தைக் கொல்லம் தோன்றி 149 என்று சொல்கிறது. அது 973ஆம் ஆண்டு. கொல்லம் தோன்றியது என்றால் என்ன தோன்றியது என்பதில் இன்றும் அறிஞர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. ஆனால் செப்பேடு எழுதியவர் தம் கணக்கின் தொடக்கம் கொல்லம் என்று ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் பொது என்று எழுதியிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

என் நிலைப்பாட்டைச் சுருக்கிச் சொல்கிறேன். தமிழில் பொ.ஆ. எழுத விரும்புவோர் எழுதட்டும். அதைத் தடுக்க எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆங்கில ஆய்வுலகோடு ஒத்துப்போக வேண்டும் என்பது போதிய காரணமே. ஆனால் அதை நடைமுறை வசதி என்று சொல்லுங்கள். மதச்சார்பின்மை என்று சொல்லிப் பிறர்மேல் சுமத்தாதீர்கள். கி.பி. எழுதுபவரை மதவாதி என்றும் பொ.ஆ. எழுதுபவரை மதவிரோதி என்றும் முத்திரை குத்தும் இரு பழக்கங்களும் ஒழியட்டும். எதை எழுதினாலும் முதலில் வருமிடத்தில் விரித்தெழுதி, நூல் முழுதும் அதையே கையாளுங்கள். பொ.ஆ. எழுதும் ஆசிரியர்கள், அதன் முதல் ஆண்டு கிறிஸ்து பிறந்ததாக ஒரு துறவி கணித்த ஆண்டு என்பதை மாணவர்க்கு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தின் ஆண்டை அழிக்காதீர்கள். கொல்லம் ஆண்டையும் சக ஆண்டையும் மன்னரின் ஆட்சியாண்டையும் நீக்கிவிட்டு வெறும் 1750 என்று எழுதும் கட்டுரை, அந்த எண்ணுக்கு முன்னால் எந்த எழுத்தை வைத்தாலும், நம் ஆவணத்தின் குரலை ஐரோப்பியக் கணக்கில் கரைத்துவிடுகிறது. அதை எதிர்ப்பதே இத்துறையில் குடியேற்ற எதிர்ப்பு. அதற்கு ஓலையைப் படிக்க வேண்டும், மாதத்தைப் பார்க்க வேண்டும், 824ஆ 825ஆ என்று தேர வேண்டும்.

திருத்திய கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். முப்பத்திரண்டு இடங்களில் அவர்கள் கேட்டபடியே பொ.ஆ. என்று மாற்றினேன், இதழின் நடைமுறை அதுவாயின் அதற்குக் கட்டுப்படுவதில் எனக்கு மறுப்பில்லை. ஐந்து மேற்கோள்களைத் தொடவில்லை, காரணத்தை எழுதினேன். ஆறாம் பக்கத்தில் ‘கொல்லம் 925, மகரம் 5 (ஜூலியன் கணக்கில் 1750 ஜனவரி 3 அளவில்)’ என்று எழுதி, முதல் வரைவில் நான் ஓராண்டு பிழைத்திருந்ததையும் மதிப்பீட்டாளருக்குத் தெரிவித்தேன். இதில் என் கணக்கோ வாதமோ தவறென்று காண்போர் சான்றோடு எழுதுங்கள். திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன்.